கெஸ்ட் ஹவுஸ் அறைக்கு மார்க் போடுவது எப்படி: தாள் தயாரிப்பதிலிருந்து மறுபரிசோதனை வரை

அறையைச் சரிபார்க்க ஒரு தாள் இல்லாத கெஸ்ட் ஹவுஸ் குறைவு. ஆனால் பழைய தாள்களின் கட்டிலிருந்து நாலைந்தை உருவிப் பாருங்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் போட்ட டிக்குகள்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லா அறையும் எல்லா நாளும் சரி. அதே வாரத்தில்தான் வெந்நீர் வரவில்லை, அறையில் ஏதோ வாடை என்று விருந்தினர் சொல்லியிருப்பார்.

இதற்குப் பரிசோதித்தவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சரி, சரியில்லை என்று இரண்டே வழி கொடுத்தால், பாதி சரியாக இருக்கும் விஷயத்தை யாருமே சரியில்லை என்று எழுத மாட்டார்கள். எழுதினால் காலையெல்லாம் வேலை செய்த சக ஊழியரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். மார்க் போடும் முறை அந்தப் பாதி சரிக்கு ஓர் இடம் தருகிறது. அந்த ஒரு மார்க் எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது, யார் எப்போது சரிசெய்தார்கள் என்று எழுதி வைக்கும் குறிப்பில்தான் இந்த முறையின் பலனே இருக்கிறது. அதனால் தாள் அமைப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கும் குறிப்புகளுக்கும் அதிக இடம் கொடுக்கிறேன்.

தாள்

மொத்தம் 50 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 2 மார்க், ஆக 100. கால்குலேட்டர் தேவைப்படாத அளவுக்கு எளிமையாக இருந்தால்தான் இது தினசரி நடக்கும். அந்த 50ஐ இப்படிப் பிரிக்கலாம்: சுத்தத்துக்கு 20, வேலை செய்ய வேண்டிய பொருத்துகளுக்கு 15, வைக்க வேண்டிய பொருள்களுக்கு 8, அறையின் தோற்றத்துக்கு 7. சுத்தத்துக்கு அதிக எடை கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஹேங்கர் ஒன்று குறைந்தால் விருந்தினர் கேட்டு வாங்கிக்கொள்வார், குளியலறையில் வேறொருவர் முடியைப் பார்த்தால் அன்று முழுக்க அந்த அறையில் எதையும் தொடவே யோசிப்பார்.

பொருத்துகளில் வருபவை: வெளிப்பூட்டு, உள் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, விளக்குகள், ப்ளக் பாயிண்ட், மின்விசிறி, ஏசி, ரிமோட், டிவி, வைஃபை, வெந்நீர், ஷவர், குழாய்கள், ஃப்ளஷ், தண்ணீர் வடிதல். பொருள்கள்: டவல், சோப்பும் ஷாம்பும், கழிப்பறைத் தாள், குடிநீரும் தம்ளரும், குப்பைக் கூடைப் பை, ஹேங்கர், கூடுதல் போர்வை, வைஃபை கடவுச்சொல்லும் அவசர எண்களும் எழுதிய அட்டை. உங்கள் அறையில் டிவியே இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டு, இருக்கும் வரிகளுக்குச் சதவீதம் போடுங்கள். 47 வரிகள்தான் பொருந்துகின்றன என்றால் மொத்தம் 94, அதில் 85 வந்தால் கிட்டத்தட்ட 90 சதவீதம். இல்லாத பொருளுக்கு 2 போட்டு மொத்தத்தை ஏற்றாதீர்கள்.

மார்க்குக்கு அர்த்தம் இதுதான். 2 என்றால் அப்படியே விடலாம். 1 என்றால் தேடிப் பார்த்தால்தான் தெரியும், அல்லது வேலை செய்கிறது ஆனால் ஒழுங்காக இல்லை. 0 என்றால் விருந்தினர் கண்ணில் தானாகவே படும், அல்லது அவரை ரிசப்ஷனுக்குப் போன் செய்ய வைக்கும். ஷவரை எடுத்துக்கொள்வோம். வெந்நீர் சீராக, நேராக விழுந்தால் 2. வெந்நீர் வருகிறது, ஆனால் உப்பு அடைத்த ஓட்டைகளால் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கிறது என்றால் 1. வெந்நீரே வரவில்லை என்றால் 0. இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிறு விளக்கம் தாளின் பின்பக்கத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒருவர் போடும் 1 இன்னொருவருக்கு 2 ஆகிவிடும்.

மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யவே கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. 96 மார்க் வாங்கிய அறையில் உள் தாழ்ப்பாள் பிடிக்கவில்லை என்றால் அந்த 96க்கு அர்த்தமே இல்லை. அதனால் தாளின் உச்சியில் தனிக் கட்டம் ஒன்று போடுங்கள். கதவு வெளியிலும் உள்ளிலும் பூட்டுகிறதா, எங்காவது வயர் வெளியே தெரிகிறதா அல்லது ப்ளக் பாயிண்ட் ஆடுகிறதா, புகை எச்சரிக்கைக் கருவி இருந்தால் அது சத்தம் போடுகிறதா, மெத்தையில் மூட்டைப்பூச்சித் தடயம் உண்டா, படுக்கை விரிப்பில் கறையோ முடியோ இருக்கிறதா, காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் எரிவாயு கீசர் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது உயிர் போகிற விஷயம். எரிவாயு எரியும்போது உருவாகக்கூடிய கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. இந்தக் கட்டத்தில் ஒன்று தவறினாலும் அது சரியாகும் வரை அறையை யாருக்கும் கொடுக்கக் கூடாது, மொத்த மார்க் எவ்வளவாக இருந்தாலும் சரி.

அறைக்குள் நடப்பது

கையில் ஒரு டார்ச், வெள்ளைத் துணி ஒன்று, போன் சார்ஜர், ஒரு மக், ஒரு வெப்பமானி, சில துளி உணவுச் சாயம். சுத்தம் செய்து முடித்த பிறகு, அடுத்த விருந்தினர் வருவதற்கு முன் போங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. ஓர் அறைக்கு 20 முதல் 25 நிமிடம் பிடிக்கும், அதனால் தினமும் எல்லா அறைக்கும் இதைச் செய்ய முடியாது. தினசரிப் பார்வையை ஹவுஸ்கீப்பிங்காரர் வழக்கம்போலப் பார்த்துக்கொள்ளட்டும், மார்க் போடும் பரிசோதனை ஒவ்வொரு அறைக்கும் மாதம் ஒருமுறையாவது வந்தால் போதும்.

கதவைத் திறந்ததும் உள்ளே ஓடாதீர்கள், வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும், அதற்கப்புறம் உங்களுக்குத் தெரியாது, புதிதாக உள்ளே வரும் விருந்தினருக்குத் தெரியும். வாடைக்கான மார்க்கை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். ரூம் ஸ்ப்ரே தூக்கலாக அடித்தால் அதற்கும் 1தான், ஏனென்றால் அது எதையோ மறைக்க அடித்ததாகவே பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து, நேரம் எடுக்கும் வேலைகளை முதலில் தொடங்கி வைத்துவிடுங்கள். ஏசியைப் போடுங்கள், கீசரைப் போடுங்கள், ஃப்ளஷ் தொட்டியைத் திறந்து நாலைந்து துளி சாயம் விட்டு மூடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே 10, 15 நிமிடத்தில் கழிப்பறைக் கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் தொட்டிக்குள் இருக்கும் வாஷர் கசிகிறது என்று பொருள். காதுக்குச் சத்தமே கேட்காத கசிவுகூட இதில் தெரிந்துவிடும்.

இவை ஒருபக்கம் நடக்கட்டும். நீங்கள் கதவிலிருந்து ஒரு பக்கமாகச் சுவரை ஒட்டியே நடந்து, சுற்றி வந்து கதவிலேயே முடியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் பார்வை மேலிருந்து கீழே வரட்டும். தாளில் இருக்கும் வரிசைப்படி ஓடினால் அறையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பல தடவை கடந்து, இரண்டு மூலைகளை விட்டுவிடுவீர்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் தரையோடும் மேசைப் பரப்போடும் சாய்த்துப் பிடியுங்கள், தலைக்கு மேலே எரியும் விளக்கில் தெரியாத தூசியும் முடியும் மாப் போட்ட கோடுகளும் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் அப்படியே எழுந்து நிற்கும்.

படுக்கையில் ஒரு மூலையை மட்டும் உருவி, மெத்தையின் தையலோரத்தையும் கட்டிலின் தலைப்பலகை இடுக்கையும் பாருங்கள். பேனா முனையால் தொட்டுவைத்த மாதிரிக் கரும்புள்ளிகள், துணியில் லேசாக ஊறிப் பரவியவை, கூடவே காய்ந்த தோல்கள் இருந்தால் அது மூட்டைப்பூச்சி. அறையை மூடிவிட்டு அடுத்த அறைகளையும், அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறையையும் பாருங்கள்.

அப்புறம் உண்மையாகவே படுத்துப் பாருங்கள். விருந்தினர் அறையில் அதிக நேரம் இருப்பது படுக்கையில்தான், அங்கிருந்து தெரிவது மின்விசிறி இறக்கையின் அடிப்பக்கமும் ஏசியின் வாயும் கூரை மூலையின் ஒட்டடையும். நின்றுகொண்டு சுத்தம் செய்பவர் கண்ணில் இவை எதுவும் படாது. அதே மாதிரி மூடிய கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். கதவின் உள்பக்கம், பேசினின் அடிப்பகுதி, அதன் கீழ்க் குழாயில் படிந்த அழுக்கு, மூலை டைல்களின் இடுக்கு எல்லாம் கண்ணுக்கு நேராக வரும்.

ஒவ்வொரு ப்ளக் பாயிண்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், குறிப்பாகப் படுக்கைக்குப் பக்கத்தில் இருப்பதில். இதற்குள் ஏசி ஓடி கால் மணி நேரம் ஆகியிருக்கும். கையால் தொட்டுக் குளிர்கிறது என்று எழுதாமல், ஏசி உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் ஒரு சாதாரண வெப்பமானியால் அளந்தால் பொதுவாக 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் முதலில் ஃபில்டரைக் கழுவிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள், எடுத்த எடுப்பிலேயே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.

குளியலறையில் பேசினைப் பாதி நிரப்பித் திறந்துவிட்டு வடிவதைப் பாருங்கள். ஷவரை 2 நிமிடம் ஓடவிட்டு, தண்ணீர் காலடியில் தேங்குகிறதா, எந்தப் பக்கம் ஓடுகிறது, அறைக்குள் வழிகிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு விதியைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: கண்டபடியே மார்க், அதற்குப் பிறகுதான் சரிசெய்வது. ரிமோட் பேட்டரி தீர்ந்திருந்தால் நாமே மாற்றிவிட்டு 2 போடத்தான் கை போகும். அப்படிச் செய்தால் அந்த அறைக்கு நல்லது நடந்துவிடும், ஆனால் பேட்டரி எல்லா அறையிலும் தீர்ந்துகொண்டே இருக்கிறது என்ற விஷயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். 1 என்று எழுதுங்கள், மாற்றுங்கள், பக்கத்தில் உடனே மாற்றப்பட்டது என்று எழுதுங்கள்.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்

தரைத்தளத்தில் இரட்டைக் கட்டில் போட்ட ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி காலியாகக் கிடப்பது. சுத்தம் 35/40, பொருத்துகள் 27/30, பொருள்கள் 15/16, தோற்றம் 13/14. மொத்தம் 90. உச்சிக் கட்டத்தில் எல்லாம் தேறிவிட்டது.

போன 10 மார்க் எங்கே? சுத்தத்தில் மின்விசிறி இறக்கைக்கு 0, டைல் இடுக்குப் பூஞ்சைக்கு 1, கட்டிலுக்கு அடியில் தூசிக்கு 1, வாடைக்கு 1. பொருத்துகளில் படுக்கை விளக்கு மினுக்குகிறது, ரிமோட் மந்தமாக இருக்கிறது, ஃப்ளஷ் தொட்டியின் சாயம் கீழே இறங்கியிருக்கிறது, மூன்றுக்கும் 1. ஹேங்கர் ஒன்று குறைவு. திரைச்சீலையில் ஒரு கொக்கி கழன்றிருக்கிறது.

பேட்டரி, ஹேங்கர், கொக்கி மூன்றும் அங்கேயே முடிந்துவிடும். தூசியையும் இறக்கையையும் ஹவுஸ்கீப்பிங்காரர் அன்றே முடித்துவிடலாம். பூஞ்சையும் விளக்கும் வாஷரும் ஆள், தேதியோடு குறிப்புக்குப் போகும். மிச்சம் வாடை. பல இடங்களில் இதற்கு எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: "அறையில் துர்நாற்றம். ஸ்ப்ரே அடிக்கப்பட்டது." இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அடுத்தவர் ஒன்றுமே செய்ய முடியாது. எங்கே, எப்போது, எந்த மாதிரி வாடை என்று எதுவும் இல்லை, செய்த வேலையும் மறைப்பு வேலை. அடுத்த பரிசோதனையில் அதே 1 வரும்.

பயன்படும் குறிப்பு இப்படி இருக்க வேண்டும்:

"கதவு திறந்ததும் சாக்கடை வாடை. படுக்கைப் பக்கம் குறைவு, குளியலறையில் அதிகம். பேசினுக்குக் கீழே இருக்கும் தரை வடிகால் அருகில் குனிந்தால் மிக அதிகம். ஷவர் வடிகாலில் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் பேசின் பக்க வடிகாலில் தண்ணீர் தெரியவில்லை. இரண்டு மக் தண்ணீர் ஊற்றி, ஜன்னலைச் சிறிது நேரம் திறந்துவிட்டு மூடினோம். அரை மணி கழித்துத் திறந்தபோது வாடை இல்லை. நாளைக் காலை மறுபடி பார்க்க வேண்டும். பொறுப்பு: ஹவுஸ்கீப்பிங். மறுபார்வை: மேலாளர்."

இதைப் படித்ததுமே காரணம் பிடிபட்டுவிடும். தரை வடிகாலுக்குக் கீழே இருக்கும் வளைவில் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஷவருக்கு அடியில் இருக்கும் வடிகாலில் ஆள் தங்கும்போதெல்லாம் தண்ணீர் போகிறது. பேசின் பக்கம் இருப்பதில் போகாது, ஏனென்றால் அந்தத் தரையை யாரும் கழுவுவதில்லை, மாப் போட்டுத் துடைத்துவிடுகிறார்கள். அறையும் காலியாகக் கிடந்தால் சில வாரங்களில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். சுத்தம் செய்தவர் மேல் தப்பே இல்லை, துடைத்து உலர வைக்கச் சொன்னோம், அவர் அதைத்தான் செய்தார்.

மறுநாள் காலையில் வாடை இல்லையென்றால் காரணம் உறுதி. தண்ணீர் ஊற்றியும் ஒரே நாளில் திரும்பி வந்தால், வளைவில் தண்ணீர் நிற்கவில்லை, விரிசலோ வேறு குழாயின் இழுப்போ இருக்கிறது, அது பிளம்பர் பார்க்க வேண்டிய வேலை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் அந்த மறுபார்வைத் தேதி.

இதன் முடிவில் மாற வேண்டியது வேலைமுறை. ஒவ்வொரு தடவை சுத்தம் செய்யும்போதும் ஒவ்வொரு தரை வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர். காலியாக இருக்கும் அறைகளில் வாரம் ஒருமுறை எல்லாக் குழாயையும் ஷவரையும் சில நிமிடம் ஓடவிட்டு ஃப்ளஷ் செய்ய வேண்டும். குழாய்க்குள் தேங்கிய தண்ணீரில் லெஜியனெல்லா போன்ற கிருமி பெருகாமல் இருக்கவும் இது தேவை.

குறிப்பை எப்போது மூடுவது

வேலை செய்தவரே முடிந்தது என்று எழுதிக் குறிப்பை மூடக் கூடாது. இன்னொருவர் போய்ப் பார்த்து, புதிய மார்க்கைப் பழைய மார்க்குக்குப் பக்கத்தில் எழுதிய பிறகுதான் மூட வேண்டும். பழையதை அடிக்காதீர்கள். ஃப்ளஷ் வாஷர் மாற்றியாகிவிட்டது என்றால் மறுபடி சாயம் விட்டுப் பாருங்கள், மாற்றிய பிறகும் கசிகிற தொட்டிகள் நிறையவே உண்டு.

குறிப்பில் அழுக்கு, மோசம், சுமார் என்ற சொற்கள் வேண்டாம். "குளியலறை சுத்தமில்லை" என்று எழுதினால் படிப்பவருக்குக் கோபம்தான் வரும். "ஷவர் கதவின் கீழ் இடது மூலையில் ஒரு விரல் நீளத்துக்குக் கரும்பூஞ்சை" என்று எழுதினால் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போவார். முடிந்தால் ஒரு படம், அறை எண்ணும் தேதியும் படத்தின் பெயரிலேயே இருக்கட்டும்.

மொத்த மார்க்கைப் பொறுத்தவரை, 90க்கு மேல் என்றால் சிறு வேலைகளை முடித்து அறையைக் கொடுக்கலாம். 80 முதல் 90 வரை என்றால் 0 வாங்கிய எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கொடுங்கள். 80க்குக் கீழே என்றால் மறுபடி சுத்தம், மறுபடி முழுப் பரிசோதனை. இவை என் அளவுகள், உங்கள் இடத்துக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் அறை நிரம்பும் நாள்களில் மட்டும் தளர்த்துவது வேண்டாம்.

பொருத்துகளின் 30 மார்க்கைத் தனியாகப் பாருங்கள். கீசர் பழுதானதற்கு ஹவுஸ்கீப்பிங்காரரின் மார்க் குறைவது நியாயமில்லை, அப்படிக் குறைத்தால் அவர் பழுதைச் சொல்வதையே நிறுத்திவிடுவார். அவர் பொறுப்பு மீதி 70. பழுதைக் கண்டுபிடித்து முதலில் சொன்னவர் அவர் என்றால் அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

ஒரே வரி மூன்று அறைகளில் 0 வாங்கினால் அறையை விட்டுவிட்டு வரியைப் பாருங்கள். மின்விசிறி இறக்கை எல்லா அறையிலும் அழுக்காக இருக்கிறது என்றால் பெரும்பாலும் நீளக் கைப்பிடித் துடைப்பான் இல்லை, அல்லது இரண்டு தளத்துக்கு ஒரே ஏணி. ஆளைத் திட்டினால் இரண்டு வாரம் சுத்தமாக இருக்கும், துடைப்பான் வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை முடிந்துவிடும்.

பரிசோதிப்பவர்கள் இருவர் இருந்தால், மாதம் ஒருமுறை ஒரே அறைக்கு இருவரும் தனித்தனியாக மார்க் போட்டு ஒப்பிடுங்கள். மொத்தம் ஒத்துப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள், வரி வரியாகப் பாருங்கள். ஒருவர் 2, இன்னொருவர் 0 போட்ட வரி இருந்தால் இருவரும் அந்த இடத்துக்கே போய் நின்று பேசி, முடிவைத் தாளின் பின்பக்க விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் எல்லா அறையிலும் 2 மட்டுமே வாங்கும் வரியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும் பட்டியலுக்கு மாற்றிவிட்டு, அதே பிரிவில் அந்த இடத்துக்கு "தரை வடிகாலில் தண்ணீர் நிற்கிறதா" போல, குறிப்புகளிலிருந்து கிடைத்த ஒரு புதிய வரியைக் கொண்டுவாருங்கள். எண்ணிக்கை 50லேயே இருக்கட்டும், கூட்டிக்கொண்டே போனால் மறுபடி ஒரே மூச்சில் டிக் போடும் நிலைமைக்குத்தான் வந்து சேரும்.